ஒரு கோரா, நான்கு கோரா: இருபது குளிர் அறைகளை வைத்து ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றின் இருபது குளிர் அறைகளுக்கு வெப்பநிலைக் கண்காணிப்பு நிரல் எழுதியபோது, கணக்கிடும் அலகான கோர் ஒன்றை மட்டும் கொண்ட ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகை போதுமா, நான்கு கோர் கொண்ட ஜீரோ 2 டபிள்யூ வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் ஒற்றைக் கோரையே தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

பல வேலைகளைத் தொடங்கி, மாறி மாறிக் கவனித்து, எல்லாவற்றையும் நகர்த்திக்கொண்டே இருப்பது கன்கரன்சி. ஒரே நொடியில் பல கோர்கள் உண்மையாகவே பல வேலைகளைச் செய்வது பேரலலிசம். ஆலையிலேயே இரண்டையும் பார்க்கலாம். பத்து அறைகளில் காய் பழுக்க ஒரே ஆள் போதும், ஏனெனில் பழுப்பது அவர் கையில் நடப்பதில்லை. தோல் சீவுவதற்கோ, கைகள் எத்தனையோ அத்தனை வேகம்தான்.

ஆகவே தேர்வைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: நிரலின் நேரம் காத்திருப்பதில் போகிறதா, கணக்கிடுவதில் போகிறதா? ஒவ்வோர் அறையிலும் இருந்த டிஎஸ்18பி20 உணரி, 12 பிட் துல்லியத்தில் அளந்து சொல்ல 750 மில்லி வினாடி வரை எடுத்துக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக இருபதைக் கேட்டால் அதற்கே 15 வினாடி ஆகிறது. லினக்ஸின் `time` கட்டளை எனக்குக் காட்டியது இது:

```
real 0m16.4s
user 0m0.9s
sys  0m0.2s
```

`real` என்பது கடந்த மொத்த நேரம்; அந்த 16 வினாடிகளில் கோர் உழைத்தது, `user`, `sys` இரண்டும் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு வினாடி மட்டுமே. மற்ற நேரமெல்லாம் பதிலுக்காகச் சும்மா இருந்தது. நான்கு கோர் பலகையில் இதே நிரலை ஓட்டினாலும் அந்த 15 வினாடி குறையாது. பைத்தானின் `asyncio` நூலகத்தைக் கொண்டு இருபது கேள்விகளையும் முதலிலேயே அனுப்பிவிட்டு, பதில் வர வர வாங்கிக்கொள்ளும்படி மாற்றியதும், அதே ஒற்றைக் கோரில் `real` 2.3 வினாடியாக இறங்கியது.

காத்திருக்கும் வேலை கோரைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை என்பதே இதற்குக் காரணம். பதில் வரும்வரை அது ஒதுங்கி நிற்கிறது. பதில் வந்ததை வன்பொருள் இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சைகை மூலம் தெரிவித்த பிறகே மீண்டும் வரிசைக்கு வருகிறது. ஒதுங்க மறுத்துக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் புரோசஸ்களையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும், இயங்குதளம் விட்டுவிடுவதில்லை: டைமர் இன்டரப்ட் வரும்போது ஒன்றின் கணக்கு எதில் நிற்கிறது என்பதை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களைச் சேமித்துவைத்து, அடுத்ததற்கு உரியவற்றை ஏற்றிவிடுகிறது. இந்த மாற்றம் சில மில்லி வினாடிகளுக்கு ஒருமுறை நடப்பதால், எல்லாம் சேர்ந்தே ஓடுவதாக நம் கண்ணுக்குப் படுகிறது. ஆனால் தலா 10 வினாடி கணக்கு வேண்டும் இரண்டு வேலைகளை இப்படி மாற்றி மாற்றி ஓட்டினால், இரண்டும் 20 வினாடியை ஒட்டித்தான் முடியும். வரிசையாக ஓட்டியிருந்தால் முதலாவதாவது பத்திலேயே முடிந்திருக்கும்.

இந்த வேறுபாட்டை ஒரு பிழையின் மூலம்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். கூழ் டின்களின் லேபிள் படங்களைச் சுருக்கும் வேலையையும் அதே `asyncio` சுழற்சிக்குள் சேர்த்திருந்தேன். ஒரு படத்துக்கு 3 வினாடி. அந்தச் சுழற்சிக்குள் ஒரு வேலை தானாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு முறை வரும்; படச் சுருக்கம் வழிவிடவில்லை. இரண்டு வினாடிக்குள் பதில் வாங்க வேண்டும் என்று வரம்பு வைத்திருந்ததால், அறைகள் பதில் அனுப்பியும் 'தொடர்பில்லை' என்று பதிவாயிற்று. இருபது அறைகளும் ஒரே கணத்தில் தொடர்பிழந்ததாகக் காட்டியதே பிழையைக் கண்டுபிடிக்க உதவிய அடையாளம். உணரியோ கம்பியோ பழுதானால் ஓரிரு அறைகளே விடுபடும். படச் சுருக்கத்தைத் தனிப் புரோசஸாகப் பிரித்தவுடன், அதே ஒற்றைக் கோரில், இயங்குதளமே அதை இடையிடையே நிறுத்தி அளவீட்டுக்கு முறை கொடுத்தது. படம் சற்றுத் தாமதமாயிற்று, அளவீடு தவறவில்லை.

நாள் முடிவில் நாற்பது படங்களைச் சுருக்குவது முழுக்கக் கணக்கு வேலை என்பதால், அதை மட்டும் அலுவலகத்தின் நான்கு கோர் கணினிக்கு மாற்றி, நான்கு புரோசஸ்களாக ஓட்டுகிறேன். அதற்கு மேற்பட்ட கோர்களில் நான் அதிகம் பழகவில்லை. நினைவகமும் வட்டும் எங்கே இடையூறாகும் என்பதை அங்கே தனியாக அளந்துதான் பார்க்க வேண்டும். இந்த நான்கில் பேரலலிசம் நடக்கிறது என்பதை `time` தெளிவாகக் காட்டுகிறது: `user` நேரம் `real` நேரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வருகிறது. ஒற்றைக் கோரில் எத்தனை வேலைகள் சேர்ந்து ஓடுவதாகத் தோன்றினாலும், `user`, `sys` இரண்டின் கூட்டுத்தொகை `real` நேரத்தைத் தாண்டவே முடியாது.