சாப்பாட்டுச் செலவுக்கு கவரா, தனி கார்டா? ரெண்டையும் பார்த்துட்டு கவர் பக்கம் வந்த கதை

நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து 6 வருஷம் ஆச்சு, சாட்ஸ்வர்த்ல இருக்கோம், நான், அவர், ரெண்டு பிள்ளைங்க. வாடகை, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் மாசாமாசம் ஒரே தொகைதான், ஆனா சாப்பாட்டுச் செலவு மட்டும் கையில நிக்கவே இல்ல. மாசம் 6000 ராண்ட்னு முடிவு பண்ணுவோம், முடியும்போது பாத்தா 7500, 8000னு போயிருக்கும். அதனால போன வருஷம் முதல்ல தனி கார்டு, அப்புறம் கவர், ரெண்டையும் மும்மூணு மாசம் செஞ்சு பார்த்தோம்.

தனி கார்டுன்னா, சம்பளம் வர்ற 25-ஆம் தேதி சாப்பாட்டுக்குன்னு இன்னொரு அக்கவுண்டுக்கு 6000 மாத்திட்டு, கடையில அந்தக் கார்டை மட்டும் தேய்க்கிறது. கவர்னா அதே காசை நோட்டா எடுத்து, கவர்ல போட்டு, அதுல இருந்து மட்டும் செலவு பண்றது. கார்டுல சில்லறைத் தொல்லை இல்ல, கணக்கு தானா எழுதியிருக்கும், தொலைஞ்சா போன்ல இருந்தே நிறுத்திடலாம். கவருக்கு இதுல ஒண்ணுமே கிடையாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

என்னைப் பொறுத்தவரைக்கும் விஷயம் வேற ஒண்ணு. காசு தீர்ந்து போற நாள்ல திரும்ப நிரப்புறது எவ்வளவு சுலபம்ங்கறதுதான்.

கார்டுல இருந்த மூணு மாசத்துக்கும் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தேன். ரெண்டாவது மாசத்துல மட்டும் மெயின் அக்கவுண்ட்ல இருந்து 9 தடவை காசு மாத்தியிருக்கேன். 150, 200, ஒரு தடவை 350. எல்லாமே சாயங்காலம் 5-லிருந்து 6 மணிக்குள்ள, அதாவது பில் போட வரிசையில நிக்கிற நேரம். போனை எடுத்து பத்து செகண்ட்ல மாத்திட்டு கார்டைத் தேய்ச்சிருக்கேன், அதிகமா செலவு பண்றோம்னு ஒரு தடவை கூட தோணல, ஏன்னா ஒவ்வொரு தடவையும் சின்னத் தொகைதானே. அந்த மாசம் மொத்தம் 7900. கவர்ல இது நடக்காது. கவர் காலின்னா ட்ராலியை விட்டுட்டு ஏடிஎம் வரைக்கும் நடக்கணும், அதுக்குள்ள இந்தச் சீஸ் இந்த வாரம் வேணுமான்னு மனசு கேட்டுடும்.

கார்டுன்னா கை தாராளமா போகும்ங்கறதுக்கு ஆய்வும் இருக்கு. அமெரிக்காவுல இருக்குற எம்ஐடியில ப்ரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு பேர் மாணவர்கள்கிட்ட கூடைப்பந்து மேட்ச் டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தாங்க, 2001-ல வெளியிட்டாங்க. கிரெடிட் கார்டுல கட்டணும்னு சொல்லப்பட்டவங்க, பணமா கட்டணும்னு சொல்லப்பட்டவங்களைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் கேட்டிருக்காங்க. ஆனா அது டிக்கெட், அரிசி பருப்பு இல்ல, கார்டும் கடன் கார்டு. அதனால நம்ம வீட்டுச் சாமானுக்கு அதே அளவு வித்தியாசம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்.

கவர் போடறதுல நான் முதல்ல பண்ணின தப்பைச் சொல்றேன், நிறைய பேர் இதுலதான் விட்டுடறாங்க. மாசத்துக்கு நாலு வாரம்னு நாலு கவர் போட்டேன். 25-லிருந்து அடுத்த 24 வரைக்கும் எண்ணிப் பாருங்க, பெரும்பாலும் 30 இல்லன்னா 31 நாள். நாலு வாரம் 28 நாள்தான். மிச்ச மூணு நாளுக்குக் கவரே இல்ல, அப்போ திரும்ப கார்டு வெளிய வந்துடும், மொதல் மாசம் 6900 ஆனது இதனாலதான்.

இப்போ பண்றது இப்படி. 6000-ல 2500-ஐ கார்டுலயே விட்டுடறோம். 25-ஆம் தேதியே போய் அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, மசாலா, சோப்புன்னு மாசச் சாமான் ஒரே தடவையில வாங்கிடறது, இது லிஸ்ட் போட்டு வாங்குறதால மீறிப் போகாது. மிச்சம் 3500. அதுல வாரத்துக்கு 800-ன்னு நாலு கவர், 3200 ஆச்சு. பாக்கி 300, கடைசி மூணு நாள் கவர். இந்தச் சின்னக் கவர்தான் மாசக் கடைசியைக் காப்பாத்துது.

வாரக் கவருக்குள்ள மூணு சின்னக் கவர் இருக்கும். காய்கறிக்கு 300, சனிக்கிழமை எங்க ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு. கடைக்கு 400, பால், பிரெட், முட்டை, கோழி. வெளிய சாப்பிட 100, பிரெட்டைக் குடைஞ்சு குழம்பு ஊத்தித் தர்ற பன்னி சௌவோ கூல்ட்ரிங்க்கோ, அது தீர்ந்தா தீர்ந்ததுதான். சாப்பாட்டுக் கவருக்குள்ள ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கலாம், வெளிய இருந்து உள்ள காசு வரக்கூடாது, இது ஒண்ணுதான் எங்க வீட்டுச் சட்டம். புரட்டாசியில கறி வாங்கறதில்லயே, காசு மிஞ்சும்னு நெனச்சேன், ஆனா காய்கறிக் கவர் புதன்கிழமையே காலி, கடைக் கவர்ல இருந்து 120 மாத்தினேன். அடுத்த புரட்டாசிக்கு 400, 300-ன்னு பிரிச்சு வைக்கணும்.

கடையில நிக்கும்போது கவர் பின்பக்கம் பென்சிலால எழுதிட்டே போவேன். பால் 36.99-ன்னா 40, பிரெட் 18.99-ன்னா 20, எப்பவும் மேல இருக்குற அஞ்சுக்கோ பத்துக்கோ ஏத்தித்தான் எழுதுவேன். 380 வந்தா நிறுத்திடுவேன். மொதல் வாரம் எழுதாம போய், பில் 431 ஆகி, ரெண்டு சாமானை எடுக்கச் சொல்ல வேண்டியதாச்சு, கேஷியர் பொண்ணு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவங்க சாவி போட்டு நீக்கணும், பின்னாடி வரிசையே நிக்குது. ரொம்ப சங்கடமாப் போச்சு.

காசு ஒழுகுதான்னு எப்படித் தெரியும்னா, பில்லை எல்லாம் அதே கவர்லயே போட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை பில்லையும் மிச்சக் காசையும் கூட்டினா 800 வரணும். எங்களுக்கு ரெண்டாவது மாசம் வாராவாரம் 30, 40 குறைஞ்சுச்சு. பாத்தா எல்லாம் 5 ராண்ட் காசு. பாக்கெட்ல போய், அங்கேருந்து பிள்ளைங்க ஸ்கூல் தின்பண்டக் கடைக்குப் போயிருக்கு. இப்போ சில்லறைக்கு ஜிப் வச்ச சின்னப் பை, வீட்டுக்கு வந்ததும் அது கவருக்குள்ள போயிடணும். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் பாருங்க, 25-ஆம் தேதியும் கவருக்குக் காசு எடுக்கிற நாளும் தவிர வேற நாள்ல சாப்பாட்டுக் கடை பேர் வந்திருந்தா கவர் வேலை செய்யலன்னு அர்த்தம்.

கவர் தோக்குற இடம் பாதுகாப்புதான், இந்த ஊர்ல அதைச் சும்மா சொல்லிட்டுப் போக முடியாது. அதனால 3500-ஐயும் ஒரே நாள்ல எடுக்கறதில்ல. வாரம் ஒரு தடவை, சூப்பர்மார்க்கெட் கேஷியர்கிட்ட கார்டைத் தேய்ச்சு அந்த வாரக் காசை மட்டும் கேட்டு வாங்கிக்கறேன், என் பேங்க்ல அதுக்கு ஏடிஎம்மை விட கட்டணம் குறைவு. உங்க பேங்க் கட்டணப் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கோங்க. கேக்கும்போது 50-ம் 20-மா குடுக்கச் சொல்லுவேன், 200 நோட்டா இருந்தா பிரிக்க முடியாது. மார்க்கெட்டுக்குப் போனா அந்த 300 மட்டும்தான் கையில.

போன்ல ஆர்டர் பண்ணி வீட்டுக்கு வரவழைக்கிறவங்களுக்கு கவர் சரிப்படாது, அவங்களுக்குத் தனி கார்டுதான். ஆனா அந்த அக்கவுண்டுக்குக் காசு மாத்துற ஆப் வீட்டுல இன்னொருத்தர் போன்ல இருக்கட்டும். நாங்க அதைச் செஞ்சு பாக்கல, செஞ்சிருந்தா அந்த 9 தடவைல பாதியாவது குறைஞ்சிருக்கும்னுதான் தோணுது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி சின்ன வயசுல துணி ஃபேக்டரில வேலை பாத்தவங்க, வெள்ளிக்கிழமை கூலி கவர்லயே வருமாம். என் கவரைப் பாத்துட்டு, "நாங்க அதைப் பிரிச்சு அலமாரியில டின்னு டின்னா போட்டு வப்போம், பால் டின்ல கை வச்சா அம்மா அடிப்பாங்க"ன்னாங்க. மூணாவது மாசம் எங்களுக்கு 6150-ல முடிஞ்சுச்சு. அந்த 150, பெரியவன் பர்த்டே கேக்.