மாலை ஆறு மணியைத் தாண்டிய சீட்டுகள்: கார் நிறுத்தக் கட்டணத்தைப் படத்திலிருந்து கணக்கிட்ட இரண்டரை ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு சிறிய குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனத்தில் நான் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் ஆறு வேன்கள் உள்ளன. ஓட்டுநர்கள் வாடிக்கையாளர் கட்டடங்களில் வேனை நிறுத்திய செலவை மாதக் கடைசியில் திரும்பக் கேட்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் கார் நிறுத்துமிடங்களில் இது ஒரு பொருட்டே இல்லை. மையப் பகுதிக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு, மின்னியல் முறையில் அது நிமிடத்துக்கு 2 காசு என்றே கழிகிறது, ஆகவே நிமிடங்களைப் பெருக்கினால் போதும். தலைவலி முழுவதும் தனியார் வணிகக் கட்டடங்களில்தான். அங்கே சீட்டில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கட்டிய தொகை ஆகியவை இருக்கும். நுழைவாயில் பலகையில் படிநிலைக் கட்டணம் எழுதப்பட்டிருக்கும். ஓட்டுநர் இரண்டையும் படமெடுத்து அனுப்புவார். கைப்பேசியில் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதியால் நான் எண்களை எடுத்து, விரிதாளில் ஒட்டிக் கட்டணத்தை மறுபடி கணக்கிட்டுச் சரிபார்ப்பேன்.

எண்களைப் பிரித்தெடுப்பதில் இந்த வசதி பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. வெப்பத் தாள் மங்கியிருந்தால் 18:10 என்பதை 16:10 என்று படித்துவிடும். வெளியேறிய நேரம் நுழைந்த நேரத்துக்கு முன்னால் வந்துவிடுவதால் அது உடனே தெரிந்துவிடுகிறது. பலகையில் உள்ள தொகைகளைச் சோதிக்க நான் வேறொரு வழி வைத்திருக்கிறேன். படித்த தொகையை 1.09ஆல் வகுத்துப் பார்ப்பேன். பொருள், சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு என்பதால், வரி சேர்த்து எழுதப்பட்ட 2.18 வெள்ளி சரியாக 2 வெள்ளியாகவும், 3.27 வெள்ளி 3 வெள்ளியாகவும் வந்து நிற்கும். எல்லாக் கட்டடங்களும் இப்படி எழுதுவதில்லை என்றாலும், எழுதும் இடங்களில் இந்தச் சோதனை நன்றாகப் பிடிக்கிறது. ஒருமுறை 3.21 என்று வந்தது. மங்கலால் 7ஐ 1 என்று படித்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதை 1.07ஆல் வகுத்தால் சரியாக 3 வெள்ளி. வரி 7 விழுக்காடாக இருந்த, 2022 முடிவதற்கு முந்தைய காலத்தில் எடுத்த பலகைப் படத்தை ஓட்டுநர் தம் கைப்பேசியிலிருந்து தேடி அனுப்பியிருக்கிறார். வசதி சரியாகத்தான் படித்தது, பலகைதான் பழையது.

எண்கள் சரியாக வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஒரு கட்டடத்தின் வார நாள் பலகையை எடுத்துக்கொள்வோம். காலை 7 முதல் மாலை 5.59 வரை முதல் ஒரு மணி நேரத்துக்கு 2.18 வெள்ளி, அதன்பின் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1.09 வெள்ளி, மாலை 6 முதல் மறுநாள் காலை 6.59 வரை 'பெர் என்ட்ரி' 3.27 வெள்ளி. எங்கள் ஓட்டுநர் 16:47க்கு நுழைந்து 18:10க்கு வெளியேறினார். சீட்டில் 6.54 வெள்ளி என்று இருந்தது.

"அக்கா, ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறரை வெள்ளி எடுத்துவிட்டார்கள்" என்று அவர் தொலைபேசியில் குமுறினார்.

அவர் நினைத்தது, நுழைந்த நேரத்துப் படிநிலையே கடைசிவரை தொடரும் என்பது. அப்படியானால் மொத்தம் 83 நிமிடம். முதல் மணி 2.18, மிச்சம் 23 நிமிடத்துக்கு ஓர் அரைமணித் துண்டு 1.09, ஆக 3.27 வெள்ளி. இரண்டாவது விளக்கமும் உண்டு: 17:47க்குத் தொடங்கிய அரைமணித் துண்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று, அது 18:17 வரை ஓடும், அதற்குப் பிறகும் வேன் நின்றால்தான் மாலைக் கட்டணம். அதன்படியும் 3.27 தான். மூன்றாவது விளக்கத்தில் ஆறு மணிக்கு நேரம் துண்டாக வெட்டப்படுகிறது. அதுவரையான 73 நிமிடத்துக்கு 3.27, ஆறு மணிக்கு வேன் உள்ளே நிற்பதாலேயே மாலைக் கட்டணம் இன்னொரு 3.27, ஆக 6.54. இயந்திரம் இந்த மூன்றாவது முறையில்தான் கணக்கிட்டிருக்கிறது. 'பெர் என்ட்ரி' என்ற சொல் நுழையும்போது மட்டுமே பொருந்தும் என்று நம்புவது இயல்பு. ஆனால் அந்தக் கட்டடத்தில் அதன் பொருள், அந்தக் கால அளவுக்கு ஒருமுறை என்பதே. ஓட்டுநர் 17:58க்குக் கிளம்பியிருந்தால் பாதிப் பணம்தான் ஆகியிருக்கும்.

ஒரு கட்டடம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை ஒரே சீட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே வேன் 18:52 வரை நின்றிருந்தால் முதல் முறையில் 5.45, மற்ற இரண்டிலும் 6.54 வந்திருக்கும், அந்தச் சீட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துக் காட்டாது. 18:10 சீட்டோ முதல் இரண்டையும் பிரிக்காது, ஆனால் மூன்றாவதைத் தனியாக நிறுத்திவிடும். எனவே ஆறு மணியைச் சற்றே தாண்டிய சீட்டுகளை மட்டும் எடுத்து வைத்து, கட்டடத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். அந்தக் கட்டடத்துக்கான விரிதாள் வாய்பாடு இது. A2 நுழைந்த நேரம், B2 வெளியேறிய நேரம், C2 ஆறு மணிவரையான நிமிடங்கள், D2 அந்த நிமிடங்களுக்கான கட்டணம், E2 மொத்தம். காலை ஏழுக்குப் பிறகு, மாலை ஆறு மணிக்கு முன் நுழைந்து அன்றே வெளியேறிய வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

```
C2: =ROUND((MIN(B2,TIME(18,0,0))-A2)*1440,0)
D2: =2.18+CEILING(MAX(0,C2-60),30)/30*1.09
E2: =D2+IF(B2>=TIME(18,0,0),3.27,0)
```

முதல் வரியில் உள்ள ROUND இல்லாமல்தான் ஆரம்பத்தில் ஓட்டினேன். விரிதாள் நேரத்தை நாளின் பின்னமாக வைத்திருப்பதால், சரியாக 60 நிமிடம் என்பது சில சமயம் 60க்கு ஒரு துளி மேலே போய்விடும். CEILING அந்தத் துளிக்கு ஒரு முழு அரைமணித் துண்டைச் சேர்த்துவிடும். பிழை என் பக்கம் இருந்தது தெரியாமல், அந்த மாதம் இரண்டு சீட்டுகளைப் பற்றி ஓட்டுநர்களிடம் தேவையில்லாமல் கேள்வி கேட்டுவிட்டேன்.

அதைச் சரிசெய்த பிறகும் ஒரு சீட்டு ஒத்துவரவில்லை. 16:47 நுழைவு, 17:47 வெளியேற்றம், தொகை 3.27. தாளைப் பார்த்தால் ஒரு மணி நேரம்தான், 2.18 போதும். ஆனால் சீட்டில் மணியும் நிமிடமும் மட்டுமே அச்சாகின்றன, நொடிகள் அச்சாவதில்லை. 16:47:05க்கு நுழைந்து 17:47:50க்கு வெளியேறியிருந்தால் 45 நொடி கூடுதல். 'அல்லது அதன் பகுதி' என்ற சொற்கள் அதற்கும் ஓர் அரைமணித் துண்டை வசூலிக்க இடம் தருகின்றன. படத்தில் இல்லாததை எந்த வசதியும் படித்துத் தராது. ஆகவே நிமிடக் கணக்கு துண்டின் எல்லைக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்தால், இரண்டு தொகைகளில் எது இருந்தாலும் ஏற்றுக்கொள்வதாக வைத்திருக்கிறேன்.

இன்னும் கையால் செய்வது பலகையின் அடிப்பகுதியைப் படிப்பதுதான். சலுகை நிமிடங்கள், சனிக்கிழமைக்கும் பொது விடுமுறைக்கும் உள்ள தனிக் கட்டணம், ஆறு மணி வெட்டு பற்றிய வரி எல்லாம் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். அவசரத்தில் எடுத்த படத்தில் அது பாதியில் வெட்டுப்பட்டுப் போகும், அல்லது விளக்கொளி பட்டு வெள்ளையாகிவிடும். இப்போது பலகையின் நான்கு மூலைகளும் தெரியாத படத்துக்கு நான் பணம் தருவதில்லை. மாலை வேலைக்குப் போகும் இரண்டு ஓட்டுநர்கள் 5.50க்குக் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறார்கள்.