மூன்று வருட ரூட்டரும் "Connected, no internet" என்ற ஒரு வரியும்

"மச்சான், விலை குறைஞ்சிருக்கு, உன் ரூட்டரையே வாங்கிடவா?" என்று நண்பன் போன வாரம் கேட்டான். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஓடுகிறது. மாடி அறை வரை சிக்னல் வருகிறது, சூடாகி நின்றதே இல்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது போனில் வைஃபை பெயருக்குக் கீழே வரும் "Connected, no internet" என்ற ஒரு வரிதான்.

போனுக்கும் ரூட்டருக்கும் நடுவே வைஃபை சரியாக இருக்கிறது, ரூட்டரைத் தாண்டிய பாதையில்தான் பதில் வரவில்லை என்பதே அதன் பொருள். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால் இந்த வரியைக் காட்டும். அதனால் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை.

முதலில் இன்னொரு போனில் பாருங்கள். அதில் நெட் வந்தால் கோளாறு உங்கள் போனில்: தேதி, நேரம், விபிஎன் மூன்றையும் சரிபாருங்கள். எதிலுமே வராவிட்டால் ஃபைபர் பெட்டியின் விளக்குகளுக்குப் போங்கள். LOS சிவப்பாக மின்னினால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை. வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது, ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். LOS அணைந்து, PON நிலையாகப் பச்சையில் இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அப்போது ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

போன மாதம் எனக்கு இதெல்லாமே சரியாக இருந்தது. கஸ்டமர் கேரில் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். கடைசியில் லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து வரிசையாக அடித்தேன்:

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping google.com
```

முதலாவது என் ரூட்டரின் முகவரி. உங்களுடையது ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதற்குப் பதில் வந்தது. வெளியுலகில் இருக்கும் 8.8.8.8-க்கும் வந்தது. மூன்றாவதற்கு மட்டும் `Ping request could not find host google.com` என்றது. அப்படியென்றால் பாதை திறந்திருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்துவிட்டது. இரண்டாவதிலேயே பதில் நின்றிருந்தால் பழி கம்பெனியின் லைன் பக்கம் போயிருக்கும். ரூட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில், யாரும் பயன்படுத்தக்கூடிய பொது டிஎன்எஸ்களான 1.1.1.1, அடுத்து 8.8.8.8 என்று போட்டேன். அம்மாவின் சீரியல் உடனே ஓட ஆரம்பித்தது.

ஆக, ரூட்டர் மேல் தப்பில்லை. ஆனால் அடுத்த நாள் கரண்ட் போய் வந்ததும் அதே வரி. உள்ளே போய்ப் பார்த்தால் நான் போட்ட எண்கள் அழிந்து பழைய டிஎன்எஸ் உட்கார்ந்திருந்தது. சேவ் செய்ததைக் கரண்ட் போனதும் மறந்துவிடுகிறது. இதுவரை நான்கு முறை மறுபடி போட்டாயிற்று. சிக்னலுக்கு நூற்றுக்கு நூறு தருவேன். ஆனாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன்.