கடை டேப்லெட்டில் என் பேரும் நம்பரும்... போனது 16,650 ரூபாய்

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. 16,650 ரூபாய் போயிடுச்சு. இன்னைக்கு மதியம்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரெடிமேட் கடை. பேர் போடல, போட்டா வேற வம்பு வரும். பில் 1,850. க்யூஆர் ஸ்கேன் பண்ணி யூபிஐல போட்டேன். அது வியாபாரக் கணக்கோட க்யூஆர் இல்ல, ஓனரோட சொந்தக் கணக்கோடது. கல்லால ஒரு டேப்லெட், கூட்டத்தைப் பார்த்து திருப்பி வச்சிருக்காங்க. வந்த பணமெல்லாம் அதுல வரிசையா ஓடுது: பேர், தொகை, நேரம். பில் போடுற தம்பி "வந்துருச்சான்னு பாக்குறேன்க்கா"ன்னு என் வரியைத் தட்டினான். என் முழுப்பேர், யூபிஐ ஐடி, 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் பெருசா விரிஞ்சுது. அதை மூடாமலே அடுத்த ஆளுக்கு பில் போட ஆரம்பிச்சுட்டான். எனக்குப் பின்னாடி நாலஞ்சு பேர் நின்னாங்க.

என் யூபிஐ ஐடியோட முன்பாதி என் மொபைல் நம்பர். ஆப் போட்டப்போ அதுவாவே அப்படி வச்சுது, நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். அதனால அந்த ஐடியைப் படிக்கிறவனுக்கு நேரா போன் நம்பர் கிடைச்சிடும். பேரோ, நாம ஆப்ல வச்சுக்கிட்ட செல்லப்பேர் இல்ல, வங்கிக் கணக்குல இருக்கிற பேர். எனக்கு அது அப்பா பேரும் சேர்த்து நீளமா இருக்கும், வீட்டுல யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்துல போன். அந்த நீளப் பேரை முழுசா சொல்லி, "மேடம், கடையிலேர்ந்து பேசுறோம். உங்க 1,850 ரெண்டு தடவை ஏறியிருக்கு, ஒன்னைத் திருப்பிடுறோம்"னான். எத்தனை மணிக்குக் கட்டினேன், ரெஃபரன்ஸ் நம்பரோட கடைசி நாலு இலக்கம், எல்லாம் சரியா சொன்னான். கடைக்காரங்களைத் தவிர வேற யாருக்கு இது தெரியும்? யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க.

உடனே ஒரு மெசேஜ், கணக்குல 18,500 வரவுன்னு. பின்னாடியே பதறுற மாதிரி போன்: "ஐயோ மேடம், ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், முதலாளி என் சம்பளத்துல பிடிச்சுடுவாரு, மீதி 16,650 மட்டும் அனுப்புங்க." அழுற குரல். அனுப்பினேன். அப்புறம் பேலன்ஸ் பார்த்தா 18,500 வரவே இல்ல. அந்த மெசேஜ் வந்தது வங்கிலேர்ந்து இல்ல, சாதாரண 10 இலக்க மொபைல் நம்பர்லேர்ந்து.

கடைக்கு ஓடினேன். "எங்க நம்பர்லேர்ந்து போன் போகல, நீங்க யாருக்கோ அனுப்புனதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" சிசிடிவி காட்டுங்கன்னேன். ஓனர் வெளியூராம், பாஸ்வேர்டு அவர்கிட்டதான் இருக்காம். அந்த டேப்பையாவது உங்க பக்கம் திருப்பி வைங்கன்னேன். "பணம் வந்துச்சான்னு கஸ்டமரே பாக்கட்டும்னுதான் அப்படி வச்சிருக்கோம்." நான் நிக்கிறப்பவே அதுல வேற ஒரு பொண்ணோட பேரும் நம்பரும் விரிஞ்சு கிடந்துச்சு! பணத்தை விடுங்க, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு எவனாவது "ஹாய்"னு அனுப்பினா இவங்க என்ன சொல்வாங்க?

பார்த்தது வரிசையில நின்னவனா, கடையிலேயே ஒருத்தனா, எனக்குத் தெரியல. கடைக்கு அதைக் கண்டுபிடிக்கணும்னு தோணவே இல்ல.

வங்கியில: "யூபிஐ பின் நம்பர் நீங்களே போட்டிருக்கீங்க மேடம், நாங்க ஒன்னும் பண்ண முடியாது." ஆப்போட உதவிப் பக்கத்துல பரிவர்த்தனை வெற்றின்னு பச்சை டிக் போட்டு முடிச்சுட்டான். சைபர் மோசடி புகார் எண் 1930-ல மட்டும் பொறுமையா கேட்டு புகார் எண் கொடுத்தாங்க. ஆனா 16,650-ம் அந்தக் கணக்குலேர்ந்து அதுக்குள்ள வேற எங்கேயோ போயிடுச்சாம்.

என்ன பண்ணணும்னு விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. சுருக்கமா:

ஆப்ல புரொஃபைலுக்குள்ள யூபிஐ ஐடி பகுதியைப் பாருங்க. நம்பர் இல்லாத ஐடி உருவாக்க விட்டா உருவாக்கி அதையே முதன்மையா வைங்க. வங்கிப் பேரை மறைக்க வழி கிடையாது, அதனால பேர் சரியா சொல்றான்னு எவனையும் நம்பாதீங்க. பணம் வந்துச்சான்னு மெசேஜைப் பார்க்காதீங்க, பேலன்ஸைப் பாருங்க. கல்லால உங்க வரியைத் தட்டித் திறந்தா அங்கேயே நின்னு மூடச் சொல்லுங்க, முறைச்சா முறைக்கட்டும். இல்லேன்னா ரொக்கமா கொடுத்துட்டு வாங்க.

பணம் போனா கடை, வங்கின்னு அலையாம முதல்ல 1930-க்கு அடிங்க. புகார் எண்ணோட நாளைக்கு ஸ்டேஷன் போறேன், சிசிடிவி பதிவை அழிக்கிறதுக்குள்ள கேட்டு வாங்கணும்.