களிமண் தோட்டத்தில் வெள்ளம் வடிய: ஜல்லி வடிகாலா, மேட்டுப்பாத்தியா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரத்தில் பல வீட்டுத் தோட்டங்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. இங்குள்ள மண் பெரும்பாலும் களிமண். வீட்டு மனைகள் பலவும் தெருவைவிடத் தாழ்ந்தவை. எங்கள் காய்கறிப் பாத்திக்கு ஜல்லி வடிகால் அமைப்பதா, மேட்டுப்பாத்தி போடுவதா என்று யோசித்து, நான் மேட்டுப்பாத்தியையே தேர்ந்தெடுத்தேன்.

எந்த வழியை எடுத்தாலும், முதலில் இருக்கிற செடிகளைக் காப்பாற்ற வேண்டும். ஈரக் களிமண்ணில் கால் வைத்தால் அது இறுகி, வேருக்குக் காற்றே போகாது. ஆகவே பாத்தியின் ஓரத்திலிருந்தே சிறு வாய்க்கால் கீறி, மேலே நிற்கும் நீரை வெளியேற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால், வேர் மூச்சுத் திணறி நீரை உறிஞ்ச முடியாமல் இருக்கிறது என்று பொருள். அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓரமாகச் சிறிது தோண்டி ஒரு வேரை விரலிடையே உருவிப் பாருங்கள்: வெளுப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் செடி பிழைக்கும், பழுப்பாகி, மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சி, சாக்கடை வாடை அடித்தால் அந்த வேர் அழுகிவிட்டது. பாதி வேராவது நன்றாக இருக்கும் கத்தரி, மிளகாய்ச் செடிகளில் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். பப்பாளியின் அடியில் இரண்டு நாளுக்குமேல் நீர் நின்றிருந்தால் அது தேறுவது அரிது.

மணல் கலப்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் அது இன்னும் கெட்டியாகிவிடும். பலன் தெரிய வேண்டுமானால் மண்ணின் அளவுக்குப் பாதியாவது மணல் கொட்ட வேண்டியிருக்கும்.

ஜல்லி வடிகால் என்பது ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்து, துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதித்து, வடிதுணி சுற்றி, முக்கால் ஜல்லியால் நிரப்புவது. நிலம் சரிவாக இருந்தால் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் அந்தக் குழாயின் வாய் எங்கே திறக்கும் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. எங்கள் பாத்தியிலிருந்து வாசலுக்கு நாற்பது அடி. நூறு அடிக்கு ஓரடி வாட்டம் என்ற குறைந்தபட்சக் கணக்கில் பார்த்தாலும் ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்தால் குழாயின் வாய் தோட்டத் தரைக்கு ஏறத்தாழ இரண்டடி கீழே போய் நிற்கும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை வைத்துப் பார்த்தபோது, பெருமழையில் தெருக் கால்வாயில் நீர் நிற்கும் மட்டம் அதைவிட மேலே இருந்தது. அப்படியானால் வடிய வேண்டிய நாளில் அந்தக் குழாய் தெருத் தண்ணீரைத்தான் தோட்டத்துக்குள் கொண்டுவரும். உறிஞ்சுகுழி வெட்டி அதில் விடலாம் என்பார்கள். நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் கார்த்திகையில் அந்தக் குழியே நிரம்பிக் கிடக்கும். இவற்றோடு, களிமண்ணின் நுண்துகள்கள் வடிதுணியை அடைத்துவிட்டால் முழுப் பள்ளத்தையும் தோண்டி எடுக்க வேண்டும்.

மேட்டுப்பாத்திக்கு வடிகால் வாய் தேவையில்லை. தண்ணீரை வெளியேற்றுவதற்குப் பதிலாக வேரை அதற்கு மேலே தூக்கிவிடுகிறோம். பத்தடி நீளம், நான்கடி அகலமுள்ள பாத்தியை எடுத்துக்கொள்வோம். இரு நீளப் பக்கங்களிலும் ஒன்றரை அடி அகலம், அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டினால் பதினைந்து கன அடி மண் கிடைக்கும். அதைப் பரப்பினாலே பாத்தி நாலரை அங்குலம் உயரும். அதன்மேல் பத்து கன அடி மக்கு உரத்தைக் கொட்டிக் கிளறினால் மேலும் மூன்று அங்குலம் ஏறும். வாய்க்காலின் அடியிலிருந்து பார்த்தால் மொத்தம் பதின்மூன்றரை அங்குலம். கத்தரி, மிளகாய், வெண்டைக்கு இது போதுமானதாக இருந்தது. மண் காய்ந்து, கையில் பிடித்தால் உதிரும் பதத்துக்கு வந்த பிறகே கிளற வேண்டும்.

பாத்தியின் அடியில் ஜல்லி பரப்பச் சொல்வோர் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மேல்மண் முழுவதும் நனைந்து நிறையும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. வேர் இருக்கும் இடம்தான் இன்னும் சேறாகும்.

மேட்டுப்பாத்திக்கும் பராமரிப்பு உண்டு. மக்கு உரம் சிதைந்து பாத்தி ஆண்டுதோறும் அமுங்குவதால், ஐப்பசி மழைக்கு முன்பே இரண்டு மூன்று அங்குலம் மக்கு உரம் போட்டு, வாய்க்காலில் சரிந்த மண்ணை வாரி மேலே போட வேண்டும். கோடையில் இது சமதரையைவிட விரைவில் காய்வதால் மூடாக்கு அவசியம். தெரு வெள்ளமே ஓரடிக்கு மேல் உள்ளே புகும் மனையில் இந்த உயரம் போதாது. மா, எலுமிச்சை போன்ற மரங்களை இப்படி மேடெடுத்து வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை. முருங்கையை மட்டும் தனி மேட்டில் வைத்திருக்கிறேன், அது இரண்டு மழைக்காலங்களைத் தாண்டி நிற்கிறது.

உங்கள் மனை தெருவைவிட உயர்ந்திருந்து, மழைநாளிலும் குழாய் வாய்க்குக் கீழே நீர் மட்டம் நிற்குமானால், ஜல்லி வடிகாலைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். அதைச் சோதிக்கக் கோடையில் மட்டம் பார்ப்பது போதாது. நல்ல மழை பெய்யும் நாளில் கால்வாயில் நீர் எட்டும் உயரத்தைச் சுவரில் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே பள்ளம் வெட்ட ஆள் அழையுங்கள்.