மாடித் தொட்டியில் மீனும் கீரையும்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் செட் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா என்று வியாசர்பாடி நண்பர் கேட்டார். கொருக்குப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் இதே 500 லிட்டர் செட் சில வருடங்களாக ஓடுகிறது. பம்பு, கீரை வளரும் ஜல்லிப் படுகை எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான், அதனால் எனக்குக் கோபம் வரவைக்கும் ஒரே விஷயத்தைச் சொல்கிறேன்: தண்ணீரின் பி.எச். இறங்கிக்கொண்டே இருப்பது, அதாவது தண்ணீர் அமிலமாகிக்கொண்டே போவது.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அப்புறம் இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் அந்த நைட்ரேட்டில்தான் செழிக்கின்றன. ஆனால் இந்த வேலை நடக்கும்போதே அமிலமும் உண்டாகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றச் அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மை, சுமார் 7 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான அளவு, தண்ணீரிலிருந்து செலவாகும். தினம் 50 கிராம் தீவனம் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும், அதாவது நாளுக்குப் பத்து கிராம் போல காரத்தன்மை போகிறது. செடிகள் கொஞ்சம் திருப்பித் தரும், முழுக்க ஈடுகட்டாது. விற்றவர் கொடுத்த கையேட்டிலோ "மீனுக்குத் தீனி போட்டால் போதும்" என்று மட்டும்தான் இருந்தது, இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பி.எச். 6க்குக் கீழே போனால் பாக்டீரியா கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீன் சும்மா நீந்திக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அம்மோனியா சோதனைக் குப்பியில்தான் பச்சை ஏறும். அதைப் பார்த்துப் பதறி சமையல் சோடாவை அள்ளிப் போட்டால் பி.எச். சட்டென்று ஏறி, அதுவரை அடங்கியிருந்தது நஞ்சான அம்மோனியாவாக மாறும், அன்று ராத்திரியே மீன் மிதக்கும். அம்மோனியா சேர்ந்தது தெரிந்தால் முதலில் தீவனத்தை நிறுத்துங்கள், பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், பி.எச்.ஸை நாளுக்கு 0.2க்கு மேல் ஏற்றாதீர்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகே ஊற்றுங்கள்.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல தீர்வு கிளிஞ்சல். பழவேற்காடு பக்கத்துக் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி உடைத்து, வலைப்பையில் கட்டி, பம்பு நீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன். தண்ணீர் அமிலமாகும்போதுதான் அது கரையும், பி.எச். 7ஐ ஒட்டி வந்ததும் கரைவது குறைந்துவிடும், கூடுதலாகப் போய்விடுமோ என்ற பயமே இல்லை. இதை வைத்த பிறகு பி.எச். ஆறரைக்குக் கீழே போகவே இல்லை. கீரையும் அருமை, சந்தையில் வாங்கும் பொன்னாங்கண்ணிக்கு இந்தத் தண்டின் மொறுமொறுப்பு இல்லை.

இவ்வளவு சொல்லியும், அந்த செட்டை வாங்காதீர்கள் என்பதுதான் நண்பருக்கு என் பதில். ஒரு பழைய சின்டெக்ஸ் டேங்க், முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி, ஒரு பம்பு, கிளிஞ்சல் பை, சோதனைக் குப்பி இருந்தால் போதும், வாங்க மாடிக்கு, பிளம்பிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.