கேமரா வாங்கி ஒரு வருடம்: எல்லாக் கோபமும் ஒரு மைக் பின்னில்

நான் வாங்கிய கேமரா இந்த மாதம் 8,000 ரூபாய் விலை இறங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் கோபியிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டான். "மச்சான், கையில 50,000 இருக்குது. வீடியோ எடுக்க அதையே வாங்கிரட்டுங்களா?" 58,000 கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரைகளை எடுத்தேன். கூட வந்த சாதாரண லென்ஸ்தான். கூட்டத்துக்கு வெளியே நின்றபடியே ஒரு குதிரையின் முகத்தை மட்டும் இழுத்து எடுக்க முடிந்தது. என் போனில் அதே இடத்திலிருந்து விரலால் பெரிதாக்கினால் பிடரி மயிர் முழுக்க மெழுகு மாதிரி குழைந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகவே வாங்கலாம் என்று அன்று தோன்றியது.

அப்புறம் பல்லடத்தில் அப்புச்சியைப் பேச வைத்து எடுக்கப் போனேன்.

அறுபது வருடம் தறி ஓட்டியவர். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தார், பக்கத்திலேயே தறிக்குடோன். முதல் நாள் கேமராவில் இருக்கும் மைக்கை நம்பி, 2 மீட்டர் தள்ளி வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் தறிதான் பேசுகிறது, அப்புச்சி எங்கேயோ தூரத்தில் முனகுகிறார். கரண்ட் போய்த் தறி நின்ற நேரத்தில் இன்னொரு கொடுமை. சத்தம் குறைந்ததும் கேமரா தானாகவே ஒலி அளவைக் கூட்டிக்கொள்கிறது. அவர் மூச்சு விடுகிற இடைவெளியில் எல்லாம் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் எழும்பி வருகிறது. எடுக்கும்போதே தெரிந்திருக்கலாமே என்பீர்கள். எப்படித் தெரியும்? என் கேமராவில் ஹெட்போன் மாட்ட ஓட்டையே இல்லை.

சரி என்று சட்டையில் குத்தும் மைக் ஒன்றை, போனுக்கென்று 1,200 ரூபாய்க்கு வாங்கியதை, மறுநாள் கேமராவில் சொருகினேன். 22 நிமிடம் அருமையாகப் பேசினார். கூலி உயர்வு கேட்டு தறியை நிறுத்திய கதை, அதில் அம்மாயியின் தோடு அடகுக்குப் போன கதை. வீட்டில் போட்டுப் பார்த்தால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

காரணம் அந்தப் பின்தான். போனுக்கான மைக் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. மாற்றிச் சொருகினால் சில கேமராக்களில் சன்னமாகக் கேட்கும், சிலவற்றில் ஒன்றுமே வராது. பின் உள்ளே போனதும் கேமரா தன் சொந்த மைக்கையும் அணைத்துவிடுவதால், காப்பாற்ற மிச்சம் எதுவும் இருக்காது. திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டைகள் ஆடவே இல்லை. நான்தான் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் பின்னைக் கேமரா பின்னாக மாற்றும் 150 ரூபாய் இணைப்பு ஒன்று மாட்டியிருந்தால் போதும்.

மூன்றாம் முறை அதே மைக்கைப் போனில் மாட்டி, போனை அவர் சட்டைப் பையில் போட்டேன். கேமரா தன் பாட்டுக்குப் படம் எடுத்தது. தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டிவிட்டால், அந்தத் தட்டலை வைத்துப் பின்னால் படத்தையும் ஒலியையும் ஒட்டிக்கொள்ளலாம். ஒலி கணீரென்று வந்தது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வாய்க்கும் மைக்குக்கும் இருந்த 2 மீட்டர் ஒரு சாணாகக் குறைந்தது. தூரம் பத்தில் ஒன்றானால் குரல் ஏறக்குறைய 20 டெசிபல் கூடும். தறிச் சத்தமோ இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 58,000 கொடுத்துக் கிடைக்காத அந்த வித்தியாசம் 1,200 ரூபாயில் கிடைத்தது. ஆனால் தோடு கதையை அவர் மறுபடி அப்படிச் சொல்லவில்லை. "அதெல்லாம் நேத்தே சொல்லிட்டேனே கண்ணு" என்றார்.

அதனால் மாப்பிள்ளையிடம் சொன்னது இதுதான். இருக்கிற போனிலேயே ஒரு வருடம் எடு. முதலில் மைக் வாங்கு. உன் போனில் வட்ட ஓட்டை இருக்கிறதா, டைப்-சி மட்டும்தானா என்று பார்த்துவிட்டு வாங்கு. அப்புறம் காற்றில் ஆடாத ஸ்டாண்ட், அப்புறம் ஒரு எல்இடி விளக்கு. மூன்றும் சேர்ந்து 7,000 தாண்டாது. எடுக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போடு, இல்லையென்றால் நடுவில் யாராவது கூப்பிட்டுக் கெடுத்துவிடுவார்கள். குடோனுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்து, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மிச்சக் காசு பேங்கிலேயே கிடக்கட்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உங்க கேமராவைப் பாதி விலைக்கு எனக்குக் குடுத்துருங்க மச்சான்" என்றான். முடியாதென்று சொல்லிவிட்டேன். ஆடிக்கு அந்தியூர் போகணும்.